அப்பா பேரில் எத்தனை பங்கு? குடும்பக் கம்பெனியின் ஏடும் கம்பெனி செயலாளரின் கையெழுத்தும்

பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளும் தங்கள் காகிதப் பங்குகளை டீமேட்டுக்கு, அதாவது மின்வடிவத்துக்கு, மாற்ற வேண்டும் என்று 2023 அக்டோபரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதலில் 2024 செப்டம்பர் 30 கடைசி நாள் என்றார்கள், பிறகு அது 2025 ஜூன் 30 வரை நீண்டது. சிறு கம்பெனிகளுக்கு இதில் விலக்கு உண்டு. செலுத்திய மூலதனமும் விற்றுமுதலும் இரண்டுமே ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் அது சிறு கம்பெனி. அந்த வரம்பு முன்பு 4 கோடி, 40 கோடி. 2025 டிசம்பர் 1 முதல் 10 கோடி, 100 கோடி.

திருப்பூர், ஈரோடு, கரூர், கோயம்புத்தூர் வட்டாரத்தில் அப்பாவும் பிள்ளைகளும் நடத்தும் கம்பெனிகளில் விலக்குக்குள் வராதவை நிறைய. டீமேட் கணக்கு தொடங்குவது பெரிய வேலையில்லை. அதற்கு முந்தைய கேள்விதான் பலரை நிறுத்துகிறது: இந்தக் கம்பெனியில் யாருக்கு எத்தனை பங்கு? வருடா வருடம் ஆர்.ஓ.சி. என்ற கம்பெனிப் பதிவாளருக்குத் தாக்கல் செய்த படிவம் ஒன்றைச் சொல்லும், அலமாரியில் கிடக்கும் பழைய உறுப்பினர் பதிவேடு வேறொன்றைச் சொல்லும். இரண்டில் எது நிற்கும், முரணைத் தீர்ப்பதில் கம்பெனி செயலாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்ப்போம்.

கம்பெனி செயலாளர் எங்கே வருகிறார்

சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கம்பெனி செயலாளர், இந்தியக் கம்பெனி செயலாளர்கள் கழகத்தின் தேர்வில் தேறி அதில் உறுப்பினரானவர். ஆபீஸில் கடிதம் தட்டச்சு செய்யும் செக்ரட்டரி வேறு, இவர் வேறு. செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பிரைவேட் கம்பெனி, முழுநேர சி.எஸ். ஒருவரைச் சம்பளத்தில் வைத்தாக வேண்டும். அதற்குக் கீழே கட்டாயமில்லை.

கொங்கு வட்டாரத்துக் கம்பெனிகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவை. அங்கே சி.எஸ். வெளியிலிருந்து தொழில் செய்பவராக இரண்டு இடங்களில் நுழைகிறார்.

1. வருடாந்திர ரிட்டர்ன், அதாவது MGT-7 படிவம். சிறு கம்பெனி அல்லாத கம்பெனியில் முழுநேர சி.எஸ். இல்லையென்றால், வெளியில் தொழில் செய்யும் சி.எஸ். ஒருவர் அதில் இயக்குநரோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.

2. MGT-8 சான்றிதழ். மூலதனம் 10 கோடியை எட்டினாலோ விற்றுமுதல் 50 கோடியை எட்டினாலோ இது தேவை. அந்த ரிட்டர்னில் உள்ள விவரங்கள் சரி, கம்பெனி சட்டப்படி ஏடுகளை வைத்திருக்கிறது, கூட்டங்களை நடத்தியிருக்கிறது, பங்கு மாற்றங்களை முறையாகப் பதிந்திருக்கிறது என்று சி.எஸ். தன் பெயரில் சான்று தருகிறார்.

சட்டத்துக்குப் பொருந்தாத ரிட்டர்னுக்குச் சான்று தந்தால் அந்த சி.எஸ்.ஸுக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம். தெரிந்தே பொய் எழுதியிருந்தால் அது மோசடிப் பிரிவுக்குப் போகும், அங்கே சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால் நடைமுறையில் பல கம்பெனிகளில் நடப்பது வேறு. ஆடிட்டர் ஆபீஸில் போன வருடத்துப் படிவத்தைத் திறந்து, தேதியையும் லாப நட்டத்தையும் மாற்றி, பங்குதாரர் பட்டியலை அப்படியே விட்டுவிடுவார்கள். சி.எஸ்.ஸுக்கு நவம்பர் கடைசியில் ஒரு பி.டி.எஃப். வரும், கூடவே "சார், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க" என்று ஒரு போன் வரும். கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதி அந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

ஏடு முதலில், படிவம் பிறகு

ஒரு பங்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். காகிதப் பங்கு இருந்த காலத்து முறை இது.

1. கொடுப்பவரும் வாங்குபவரும் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். இப்போது அதன் பெயர் SH-4. 2014-க்கு முன் 1956 சட்டத்தில் 7B என்ற படிவம் இருந்தது, அதில் கையெழுத்துக்கு முன்பே அதிகாரியிடம் தேதி முத்திரை வாங்க வேண்டும்.

2. பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 2020 ஜூலை 1 முதல் விலையில் 0.015 சதவீதம். அதற்கு முன் நூறு ரூபாய்க்கு 25 காசு.

3. பத்திரத்தையும் ஷேர் சர்டிபிகேட்டையும் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். இன்றைய சட்டத்தில் கையெழுத்தான 60 நாளுக்குள்.

4. போர்டு கூடி மாற்றத்தை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும். பிரைவேட் கம்பெனியின் விதித்தொகுப்பு பங்கு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு வைத்தே ஆக வேண்டும் என்பதால் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

5. போர்டு ஏற்ற 7 நாளுக்குள் MGT-1 எனப்படும் உறுப்பினர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பத்திரம் கம்பெனிக்குக் கிடைத்த ஒரு மாதத்துக்குள் சர்டிபிகேட்டைப் புதியவர் பேரில் கொடுக்க வேண்டும்.

இந்த ஐந்து படிகளில் எதிலும் ஆர்.ஓ.சி. இல்லை. பங்கு கை மாறியதற்கு அப்போதே தாக்கல் செய்ய வேண்டிய படிவம் எதுவும் கிடையாது. வருடம் முடிந்து, பொதுக்கூட்டம் நடந்து, 60 நாளுக்குள் போகும் வருடாந்திர ரிட்டர்னில்தான் அந்தச் செய்தி முதல் முறையாகப் பதிவாளரை அடைகிறது. கம்பெனி சொன்னதைப் பதிவாளர் வாங்கி வைக்கிறார். பின்னால் பத்திரம் இருந்ததா, தீர்மானம் இருந்ததா என்று அவர் பார்ப்பதில்லை. கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவான கம்பெனிகளின் CIN என்ற அடையாள எண்ணில் TZ என்று வரும், சென்னையில் பதிவானதற்கு TN. அந்த எண்ணைப் போட்டு யாரும் கட்டணம் கட்டி ரிட்டர்னைப் பார்க்கலாம். பேங்க்காரர்களும் பார்க்கிறார்கள். அதனால்தான் "போர்ட்டலில் ஏறியிருக்கிறது, முடிந்தது" என்ற நம்பிக்கை வேர் பிடித்துவிட்டது.

சட்டம் இந்த ஏடுகளை எப்படிப் பார்க்கிறது? கம்பெனிகள் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, சட்டப்படி வைத்த பதிவேடுகளும் வருடாந்திர ரிட்டர்னின் நகல்களும் முதல் நோக்கில் சாட்சியம் என்கிறது. அதாவது மறுப்பவர் ஆதாரம் காட்டும் வரை நிற்கும், காட்டினால் விழும். இரண்டுமே ஒரே தரத்துச் சாட்சியம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் அடியில் உள்ள பத்திரத்தையும் தீர்மானத்தையும் தேடித்தான் போக வேண்டும். முத்திரையிட்ட பத்திரம் இல்லாமல் மாற்றத்தைப் பதியக்கூடாது என்ற பழைய சட்டத்தின் 108-ஆம் பிரிவு கட்டாயமானது, வசதிக்கு விட்டுவிடக்கூடிய சடங்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே மன்னாலால் கேதான் வழக்கில் சொல்லிவிட்டது. இன்றைய 56-ஆம் பிரிவும் அதே வார்த்தைப் போக்கில்தான் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு, எந்தக் கம்பெனியின் கதையும் அல்ல.

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனி. 1996-இல் தொடங்கியது. மூலதனம் 5 கோடி ரூபாய், பத்து ரூபாய்ப் பங்கு 50 லட்சம். விற்றுமுதல் 120 கோடி. ஆக முழுநேர சி.எஸ். வேண்டியதில்லை, MGT-8 சான்று வேண்டும், டீமேட்டும் வேண்டும். அப்பா, பெரிய மகன், சின்ன மகன் மூவரும் பங்குதாரர்கள். அப்பா 2021-இல் இறந்துவிட்டார். உயில் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆக நான்கு வாரிசுகள்.

டீமேட்டுக்கு அடையாள எண் வாங்க சி.எஸ். ஒருவர் ஏடுகளைக் கேட்கிறார். கிடைப்பது இது.

பதிவேட்டில் கடைசிப் பதிவு 2006-இல். அதன்படி அப்பாவுக்கு 26 லட்சம், மகன்களுக்குத் தலா 12 லட்சம். 2011-12 முதல் ஒவ்வொரு வருடமும் தாக்கலான ரிட்டர்னில் அப்பாவுக்கு 10 லட்சம், மகன்களுக்குத் தலா 20 லட்சம். அப்பா ஆளுக்கு 8 லட்சம் பங்கைக் கொடுத்துவிட்டார் என்பது வீட்டில் மகன்கள் இருவரும் சொல்வது. பீரோவைக் குடைந்ததில் பெரிய மகன் பேருக்கான 7B பத்திரம் ஒன்று தேதி முத்திரையோடும் 20,000 ரூபாய் முத்திரைத் தீர்வையோடும் கிடைக்கிறது. பங்கு பத்து ரூபாய் விலையில் 80 லட்சத்துக்கு அன்றைய விகிதப்படி அது சரியான தொகை. சின்ன மகனுக்கான பத்திரம் கிடைக்கவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் 2009 முதல் 2014 வரை பக்கங்களே இல்லை.

இப்போது அப்பா இறந்த அன்று அவர் பேரில் எத்தனை பங்கு இருந்தது என்பதற்கு மூன்று பதில்கள். பங்கு அவருடைய சுயசம்பாத்தியம் என்று கொண்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமபாகம்.

1. ரிட்டர்ன் சொல்வது சரி என்றால் அப்பாவுக்கு 10 லட்சம். வாரிசு ஒருவருக்கு இரண்டரை லட்சம். மகன்கள் தலா 22.5 லட்சம், இருவரும் சேர்ந்து 90 சதவீதம். அம்மாவும் மகளும் சேர்ந்து 10 சதவீதம்.

2. பதிவேடு சொல்வது சரி என்றால் அப்பாவுக்கு 26 லட்சம். ஒருவருக்கு ஆறரை லட்சம். மகன்கள் தலா 18.5 லட்சம், சேர்ந்து 74 சதவீதம். அம்மாவும் மகளும் 26 சதவீதம்.

3. பத்திரம் உள்ள மாற்றம் மட்டும் சரி என்றால் அப்பாவுக்கு 18 லட்சம். ஒருவருக்கு நாலரை லட்சம். பெரிய மகனுக்கு 24.5 லட்சம், அதாவது 49 சதவீதம். சின்ன மகனுக்கு 16.5 லட்சம், 33 சதவீதம். அம்மாவும் மகளும் 18 சதவீதம்.

இரண்டாவது நிலையைக் கொஞ்சம் பாருங்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு, பதிவான வாக்கில் ஆதரவு எதிர்ப்பைப் போல் மூன்று மடங்காவது வேண்டும், அதாவது 75 சதவீதம். விதித்தொகுப்பை மாற்றுவதற்கு அது தேவை. முதல் நிலையில் மகன்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது நிலையில் 74 சதவீதத்தோடு நிற்கிறார்கள், அம்மாவும் மகளும் எதிர்த்து வாக்களித்தால் தீர்மானம் விழும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, கம்பெனிக் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. சட்டப்படி அவருக்கு இருப்பது 5 சதவீதமா 13 சதவீதமா என்பது அந்தக் காணாமல் போன பக்கங்களில் இருக்கிறது. மூன்றாவது நிலை இன்னும் கசப்பானது. சமமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பிக்குள் 16 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது, அதுவும் ஒரு தாள் கிடைத்ததாலும் இன்னொரு தாள் கிடைக்காததாலும்.

சி.எஸ். செய்வது என்ன

நல்ல சி.எஸ். முதலில் யார் சொல்வதையும் நம்பவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். வருட வாரியாக ஒரு தாள் போடுவார். கம்பெனி தொடங்கியதிலிருந்து பங்கு எப்போதெல்லாம் புதிதாக ஒதுக்கப்பட்டது, யாருக்கு, எத்தனை என்பது முதல் வரிசை. அதன் கீழே ஒவ்வொரு மாற்றமும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பத்திரம், போர்டு தீர்மானம், பதிவேடு, சர்டிபிகேட்டின் அடிக்கட்டை, ரிட்டர்ன் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று குறிப்பார். 2006-க்குப் பிந்தைய தாக்கல்கள் மின்வடிவில் கிடைக்கும். அதற்கு முந்தையவை காகிதம், பதிவாளர் அலுவலகத்திலும் ஆடிட்டரின் பழைய கோப்பிலும் தேட வேண்டும்.

எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கே துணை ஆதாரம் தேடுவார். நம் கணக்கில் அவர் கேட்க வேண்டியவை மூன்று. ஆளுக்கு 80 லட்சம் ரூபாய் மகன்கள் கணக்கிலிருந்து அப்பா கணக்குக்குப் போனதா என்று பேங்க் ஸ்டேட்மென்டில் பார்ப்பது ஒன்று. அந்த வருடம் அப்பாவின் வருமான வரிக் கணக்கில் பங்கு கொடுத்தது காட்டப்பட்டதா என்பது இன்னொன்று. 2012-க்குப் பிறகு டிவிடெண்ட் கொடுத்திருந்தால் அது 10 லட்சம் பங்குக்கு அப்பாவுக்குப் போனதா, 26 லட்சம் பங்குக்குப் போனதா என்பது மூன்றாவது. டிவிடெண்ட் வலுவான தடயம், ஏனென்றால் அது தகராறு வருவதற்கு முன்பே, எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது நடந்தது. இவை எதுவும் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் பத்திரம் இருந்து தொலைந்ததா, எழுதப்படவே இல்லையா என்று பிரித்துக் காட்டும். அந்த வித்தியாசம் முக்கியம். பத்திரம் தொலைந்திருந்தால், இழப்பீட்டு உறுதி வாங்கிக்கொண்டு மாற்றத்தைப் பதியப் போர்டுக்குச் சட்டம் வழி தருகிறது. எழுதப்படவே இல்லையென்றால் தொலைந்தது என்று சொல்ல முடியாது, கையெழுத்திட வேண்டியவரும் இன்று இல்லை.

செய்யக்கூடாதது: பழைய தேதியில் மினிட்ஸ்

இந்த இடத்தில்தான் அழுத்தம் வரும். "அஞ்சு வருச மினிட்ஸ்தானே, இப்ப எழுதிடலாம், அப்பா கையெழுத்து செக்கில் இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். இதற்கு இணங்கும் சி.எஸ். தன் தொழிலை மட்டும் அடகு வைக்கவில்லை, அந்தக் குடும்பத்தையே குற்ற வழக்குக்குள் தள்ளுகிறார். மினிட்ஸைத் திரித்தால் இரண்டு வருடம் வரை சிறையும் 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் 118-ஆம் பிரிவில் இருக்கிறது. இறந்தவர் கையெழுத்தைப் போடுவது அதற்கும் மேலான குற்றம்.

பிடிபடாது என்று நினைப்பதும் தப்பு. பழைய தேதியிட்ட தாள்களைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள்.

1. 2007 மினிட்ஸின் தலைப்பில் "திருப்பூர் மாவட்டம்" என்று முகவரி இருக்கும். மாவட்டம் உருவானதே 2009-இல்.

2. 2009 தேதியிட்ட தாளில் ₹ குறி இருக்கும். அது 2010-இல்தான் அறிமுகமானது.

3. 2011 தீர்மானம் "கம்பெனிகள் சட்டம் 2013"-இன் பிரிவைச் சொல்லும்.

4. 2012 தீர்மானத்தில் SH-4 என்று இருக்கும், அந்தப் படிவம் 2014-இல் வந்தது.

5. ஐந்து வருட மினிட்ஸும் ஒரே தாள், ஒரே எழுத்துரு, ஒரே பேனா மையில் இருக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதில் ஒன்று கிடைத்தால் போதும், மற்ற எல்லா ஏடுகளின் மீதும் சந்தேகம் விழும். உண்மையாக நடந்த கூட்டங்களின் மினிட்ஸும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும். மினிட்ஸ் கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற வேண்டும், பக்கங்களுக்கு வரிசை எண் வேண்டும், தாளை ஒட்டக்கூடாது என்றெல்லாம் விதி இருப்பது இதற்காகத்தான்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. இன்றைய தேதியில் போர்டு கூடி, இன்ன வருடத்திலிருந்து இன்ன வருடம் வரை மினிட்ஸ் கிடைக்கவில்லை, கிடைத்த ஆதாரங்கள் இவை என்று பட்டியலோடு பதிவு செய்யலாம். அது ஓட்டையை அடைக்காது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒளிக்காமல் காட்டும், அதனால் பின்னால் யாரும் மோசடி என்று சொல்ல முடியாது. அந்த வருட MGT-8 சான்றிலும் சி.எஸ். இதைக் குறிப்பாக எழுத வேண்டும். சான்றில் குறை எழுதினால் ஆர்.ஓ.சி. உடனே நோட்டீஸ் அனுப்பிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குறையை மறைத்துச் சான்று தந்த பிறகு அது வெளியே வந்தால் கேள்வி கேட்கப்படுபவர் சி.எஸ்.ஸும் இயக்குநர்களும்தான்.

தாக்கலையே நிறுத்தி வைக்கலாமா என்றால், அதுவும் கூடாது. பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளில் கணக்குகளுக்கான AOC-4, 60 நாளில் MGT-7 போக வேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டு படிவமும் ஒரு வருடம் தாமதித்தால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் இல்லையென்றால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். வேறு கம்பெனிகளிலும் இயக்குநராக இருப்பவருக்கு அந்த அடி இங்கோடு நிற்காது.

தீர்வு இரண்டு வழிகளில்

யார் உரிமையாளர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சி.எஸ்.ஸுக்கு இல்லை. போர்டுக்கும் ஓரளவுக்குத்தான். ஆகவே அவர் தாளைப் போட்டு முடித்ததும் நால்வரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து மூன்று கணக்கையும் காட்ட வேண்டும். மகளிடம் காட்டாமல் மகன்களிடம் மட்டும் காட்டுவது, பிறகு வரும் வழக்கில் முதல் குற்றச்சாட்டாக நிற்கும்.

நால்வரும் ஒத்துப்போனால் வேலை நேராகிறது. ஆதாரப்படி நிற்கக்கூடிய நிலையைப் பதிவேடு காட்டட்டும். உதாரணமாக மூன்றாவது நிலையை எல்லோரும் ஏற்றால், பெரிய மகனின் பத்திரம் உரிய காலத்திலேயே கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அதைப் போர்டு இன்றைய தேதியில் எடுத்துப் பேசி, இத்தனை வருடம் பதியாமல் விட்ட காரணத்தை மினிட்ஸில் எழுதிப் பதிவேட்டில் ஏற்றும். அப்பா பேரில் மிஞ்சும் 18 லட்சத்தை இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு நால்வர் பேருக்கும் மாற்றும். இறப்பால் வரும் இந்த மாற்றத்துக்கு SH-4 வேண்டியதில்லை. பிறகு ஷேர் சர்டிபிகேட்களை டீமேட் செய்ய வேண்டும். சின்ன மகனுக்கு ஈடுகட்ட அம்மாவோ அண்ணனோ பங்கு தர விரும்பினால், அது டீமேட் ஆன பிறகு கணக்கிலிருந்து கணக்குக்குப் போகட்டும். விதிக்குள் வரும் கம்பெனியில் காகிதப் பங்கை இனி புதிதாகக் கை மாற்ற முடியாது என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது.

அப்பா ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் எல்லாம் அவருக்கே போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. நாமினி பெற்று வைப்பவர், வாரிசுரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒத்துப்போகாவிட்டால் பதிவேட்டைத் திருத்தக் கேட்டு 59-ஆம் பிரிவில் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். அங்கே சி.எஸ். போட்ட அந்த வருட வாரித் தாளும் அதன் பின்னால் உள்ள ஆவணங்களும்தான் வழக்கின் முதுகெலும்பாகும். கையெழுத்து பொய் என்பது போன்ற ஆழமான தகராறு என்றால் தீர்ப்பாயம் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவும் கூடும், அப்போது வருடங்கள் ஓடும். அதுவரை தகராறான பங்குகளை டீமேட் செய்யாமல் நிறுத்தி வைத்து, தகராறு இல்லாதவற்றை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு. இங்கே ஒன்று நினைவில் வைக்க வேண்டும்: விதிக்குள் வரும் கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடவோ திரும்ப வாங்கவோ வேண்டுமானால், அதற்கு முன் இயக்குநர்கள், புரொமோட்டர்கள் வைத்திருக்கும் பங்கு முழுவதும் டீமேட்டில் இருக்க வேண்டும். ஆகவே இந்தத் தகராறு தீரும் வரை புதிய முதலீட்டுக்கும் கதவு சாத்தியிருக்கும். புது டையிங் யூனிட்டுக்கோ மெஷினுக்கோ வெளி முதலீட்டாளரைத் தேடும் கம்பெனிக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்கக்கூடிய 26 சதவீதத்தைவிட இதுதான் முதலில் வலிக்கும்.

டீமேட் ஆன பிறகு

பங்கு டீமேட் ஆனதும் யாரிடம் எத்தனை என்ற பதிவை டெபாசிட்டரி வைத்திருக்கும், சட்டம் அதையும் உறுப்பினர் பதிவேடாகவே கொள்கிறது. அடிக்கட்டை, 7B எல்லாம் பழங்கதையாகும். ஆனாலும் சி.எஸ்.ஸின் வேலை குறைவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரையாண்டு முடிந்த 60 நாளுக்குள், PAS-6 என்ற படிவம் போக வேண்டும். கம்பெனி வெளியிட்ட மொத்தப் பங்கு எத்தனை, அதில் டீமேட்டில் எத்தனை, காகிதத்தில் எத்தனை, கூட்டினால் ஒத்துப்போகிறதா என்று சி.எஸ்.ஸோ ஆடிட்டரோ சான்று தர வேண்டும்.

பழைய பெயர்த் தகராறும் இங்கே தலைகாட்டும். பதிவேட்டில் ஒரு மாதிரி, பான் கார்டில் இன்னொரு மாதிரி எழுதிய பெயர், ஒன்றில் விரிந்தும் மற்றொன்றில் சுருங்கியும் நிற்கும் இனிஷியல் ஆகியவற்றால் டீமேட் விண்ணப்பம் திரும்பி வரும். சர்டிபிகேட்டை அனுப்புவதற்கு முன்பே பான் கார்டு, டீமேட் கணக்கு, பதிவேடு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் போர்டு தீர்மானத்தோடு பதிவேட்டில் பெயரைத் திருத்தியபின் அனுப்பினால் ஒரு சுற்று மிச்சம். உறுப்பினர் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. டீமேட் ஆகிவிட்டது என்று 1996 ஏட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடக்கூடாது. டீமேட் கணக்கில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று நாளை யாராவது கேட்டால், காட்ட அந்த ஏடுதான் இருக்கும்.